நடன விமர்சனத்தில் அழகை எழுதுவது எப்படி: நளினம், ஒயில், எடுப்பு, வனப்பு – எந்தச் சொல் எந்த இடத்துக்கு?

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பரதநாட்டியம் பார்க்க வாய்ப்பு வருவது சிவராத்திரி, நவராத்திரிக் கோயில் மேடைகளில், கல்யாண மண்டபத்து அரங்கேற்றங்களில், கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியின் மாலை நிகழ்ச்சிகளில். அதைப் பற்றி மறுநாள் எழுதப்படும் குறிப்பு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: “மாணவி அழகாகவும் நளினமாகவும் ஆடி அனைவரையும் கவர்ந்தார்.” கச்சேரியைத் தொடங்கும் அலாரிப்புக்கும் இது பொருந்தும், முடித்துவைக்கும் தில்லானாவுக்கும் பொருந்தும். ஆட்டத்தைப் பார்க்காமலேயே எழுதிவிடலாம். ஆடிய பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்த குருவுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

தமிழில் அழகைச் சொல்லும் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நளினம், ஒயில், எடுப்பு, குழைவு, லாவகம், நயம், எழில், வனப்பு ஆகிய ஒவ்வொன்றும் ஆட்டத்தில் வெவ்வேறு இடத்தைத் தொடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் சொல் தானாக வந்து உட்காரும். ஒரு வர்ணத்தை எடுத்துக்கொண்டு அதைப் படிப்படியாகப் பார்ப்போம். நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வர் வகுத்துத் தந்த கச்சேரி முறையில் மிக நீண்ட உருப்படி வர்ணம்தான். அரை மணி நேரம் முதல் முக்கால் மணி வரை போகும். அடவு என்னும் கால், கை அசைவுகளும் அபிநயம் என்னும் பாவ வெளிப்பாடும் மாறி மாறி வருவதால், அழகின் எல்லா வகையையும் அந்த ஒன்றிலேயே பார்த்துவிடலாம்.

முதல் படி: அரங்கில் பெயரடை எழுதாதீர்கள்

கையில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். அதில் “அருமை”, “அழகு” என்று எழுதினால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எதையும் நினைவுபடுத்தாது. எழுத வேண்டியவை மூன்று: உருப்படியின் எந்தப் பகுதி, உடலின் எந்த உறுப்பு, அது என்ன செய்தது. “திரிகால ஜதி, மூன்றாம் காலம், அரைமண்டி ஏறியது.” “பல்லவி, மூன்றாம் முறை, கண் கையை விட்டு விலகி வாசலைப் பார்த்தது.” திரிகால ஜதி என்பது மூன்று வேகங்களில் ஆடும் சொற்கட்டு. அரைமண்டி என்பது முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மடக்கி நிற்கும் அடிப்படை நிலை. இப்படி வர்ணத்துக்கு ஆறேழு குறிப்புகள் இருந்தால் தாராளம். அதற்கு மேல் எழுதினால் குனிந்து எழுதுவதிலேயே ஆட்டத்தின் பாதி போய்விடும்.

எங்கே உட்கார்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். முதல் வரிசையில் முகம் நன்றாகத் தெரியும். ஆனால் மேடை உயரமாக இருந்தால் பாதம் தெரியாது. நான்கு, ஐந்தாவது வரிசையில் நடுவில் அமர்ந்தால் பாதம் முதல் முகம் வரை முழு உருவமும் கண்ணுக்குள் அடங்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அரைமண்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முழங்கால் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பக்கத்திலிருந்து தெரியாது.

இரண்டாம் படி: நின்றதா, நகர்ந்ததா, முகமா, முழுமையா?

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் இந்த நான்கில் ஒன்றை எழுதுங்கள். அழகு எங்கே தெரிந்தது? நின்ற கோலத்திலா, ஒரு கோலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போன நகர்விலா, முகத்திலா, அல்லது தனியே பிரிக்க முடியாமல் உருப்படி முழுவதிலுமா? பிரித்து எழுதிய பிறகே சொல்லைத் தேட வேண்டும்.

நின்ற கோலத்துக்கு உரியவை எடுப்பு, நேர்த்தி, திருத்தம், செம்மை, எழில். நட்டுவனார்கள் “அங்கசுத்தம்” என்று சொல்வதும் இங்கேதான் வரும். இவற்றில் நேர்த்தியும் திருத்தமும் கணக்குப் பார்த்துச் சொல்லக்கூடியவை. நாட்டடவில் நீட்டிய கை தோள் மட்டத்தில் நின்றதா, முழங்கை தொங்கியதா, நீட்டிய காலின் முட்டி மடங்காமல் குதிகால் தரையைத் தொட்டதா என்று பார்த்தால் போதும். எடுப்பு என்பது இதற்கு மேல் ஒன்று. முதுகு நிமிர்ந்து, கழுத்து நீண்டு, மார்பு விரிந்து நிற்பதால் ஆள் இருக்கும் உயரத்தைவிட உயரமாகத் தெரிவது அது. குள்ளமான ஒருவரைப் பற்றியும் “எடுப்பாக நின்றார்” என்று எழுதலாம். எழில் என்ற சொல்லை ஜதியின் முடிவில் ஒரு கணம் சிலைபோல் நிற்கும் கோலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் ஆட்டத்துக்கு அதைப் போட்டால் ஒட்டாது.

அரைமண்டியைப் பார்க்கத் தெரிந்தால் விமர்சனத்தில் பாதிப் பிழை நீங்கிவிடும். ஆடுபவரின் உடையில் முன்னால் தைத்திருக்கும் விசிறி மடிப்பைக் கவனியுங்கள். முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் நன்றாகத் திரும்பி இடுப்பு கீழே இறங்கினால் விசிறி முழுவதுமாக விரியும். களைப்பில் முழங்கால் முன்பக்கம் திரும்பத் தொடங்கினால் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். இன்னொரு வழி, பின்திரையில் உள்ள ஏதாவது ஒரு கிடைக்கோட்டோடு ஒட்டியாணத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. திரையில் எழுதிய ஊர்ப் பெயரின் அடிக்கோடு, பின்னாலிருக்கும் தூணின் பட்டை, எதுவானாலும் சரி. முதல் காலத்தில் ஒட்டியாணம் இருந்த மட்டம் மூன்றாம் காலத்தில் நான்கு விரல் மேலே போயிருந்தால் அரைமண்டி ஏறிவிட்டது. இந்த அளவு கையில் இருந்தால், “நேர்த்தி குறைந்தது” என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டியதில்லை. “மூன்றாம் காலத்தில் அரைமண்டி ஏறியது, முதல் காலத்தில் இருந்த செம்மை அங்கே இல்லை” என்று எழுதலாம். குருவும் மாணவியும் மறுநாளே அதைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

நகர்வின் சொற்கள்

அதிகம் குழப்பப்படுவது இந்தப் பகுதிதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நளினம் சின்ன உறுப்புகளுக்கு உரியது. மணிக்கட்டு, விரல் நுனி, கழுத்து, இமை ஆகியவை அதன் இடங்கள். அலாரிப்பில் கழுத்து இடமும் வலமுமாக அசையும் அட்டமியில் நளினம் தெரியும். பதம் என்னும் மெதுவான பாடலுக்கு உட்கார்ந்தபடி அபிநயம் பிடிக்கும்போதும் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கை ஓர் இடத்துக்குப் போகும்போது மணிக்கட்டு முதலில் போய், விரல்கள் ஒரு நொடிப்பொழுது பிந்தி வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் ஒரே சமயத்தில் போய் முட்டி நின்றால் அது துல்லியம்; நளினம் ஆகாது. ஒரு ஜதியில் துல்லியம்தான் வேண்டும் என்பதால் அதைக் குறையாகவும் எண்ணக் கூடாது.

ஒயிலுக்கு நடை வேண்டும். உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாறும்போது இடையும் தோளும் சேர்ந்து சாய்ந்து மீள்வது ஒயில். நம் ஊர்த் திருவிழாக்களில் கையில் துணியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆடும் ஒயிலாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பரதத்தில் தில்லானாவின் மெய்யடவிலும், நாயகி தோழியை நோக்கி நடந்து வரும் நடையிலும் ஒயிலைப் பார்க்கலாம். நின்ற இடத்தில் விரல் அசைத்ததை “ஒயில்” என்று எழுதினால் விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

குழைவு மூட்டுகளின் தன்மை. ஓர் அடவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெட்டு தெரியாமல் உடல் கரைந்து மாறினால் குழைவு. லாவகம் வேறு. கடினமான ஒன்றைக் கடினம் தெரியாமல் செய்வது லாவகம். முழுவதும் கீழே அமரும் முழுமண்டியிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல், தோளை உயர்த்தாமல், பாட்டின் ஓட்டத்திலேயே எழுந்தால் அந்தச் சொல் பொருந்தும். லாவகத்தை எடைபோட வர்ணத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கிறது: தீர்மானம் என்னும் ஜதிக் கோவை முடிந்து, சாகித்யமாகிய பாட்டு வரிக்குத் திரும்பும் இடம். பாதம் கடைசித் தட்டு தட்டி முடித்த அதே ஆவர்த்தத்தில் முகம் நாயகியாக வேண்டும். தோள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், வாய் திறந்து மூச்சு வாங்கினால், லாவகம் அங்கே இல்லை. ஜதி எவ்வளவு வேகமாக இருந்தாலும் சரி.

மிடுக்கு, கம்பீரம், வீறு ஆகியவை தாண்டவப் பக்கத்துச் சொற்கள். நடராசரைப் பாடும் கீர்த்தனத்துக்கு நளினம் என்று எழுதினால் ஆட்டத்தின் குணமே தலைகீழாகிவிடும். அதே சமயம் நம் வட்டாரத்தில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. இங்கே விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்துப் பழகிய கண்கள் அதிகம். கூத்தில் கட்டியம் கூறித் திரை விலக்கி வரும் வேடத்தின் வீறும் சுழற்சியும்தான் அழகு. அந்த அளவுகோலோடு பரதத்தைப் பார்த்தால் பதம் “மந்தமாக” இருந்ததாகத் தோன்றும். பதம் மெதுவாக ஆட வேண்டியதுதான். அதில் விறுவிறுப்பு எதிர்பார்த்து ஏமாந்ததை ஆடியவரின் குறையாக எழுதக் கூடாது.

ஆண் ஆடும்போது சொல் தேர்வு கொஞ்சம் கூர்மையாக இருக்க வேண்டும். “நளினமாக ஆடினார்” என்று ஆண் கலைஞரைப் பற்றி எழுதினால் ஊரில் சிலர் அதைக் கேலியாகப் படிப்பார்கள். அதற்காக நளினத்தை மறைத்து “கம்பீரம்” என்று மாற்றி எழுதினால் அது பொய். அவர் நாயகியாக அபிநயித்த இடத்தில், “நாயகியின் நளினத்தை விரல்களில் கொண்டுவந்தார்” என்று பாத்திரத்தோடு சேர்த்து எழுதுங்கள். ஆண்கள் பெண்வேடம் கட்டும் கூத்தை ரசிக்கிற ஊர் இது. வாசகருக்கு உடனே புரியும்.

முகமும் நயமும்

முகத்துக்கு வரும்போது பலர் “முகக்களை” என்று எழுதிவிடுகிறார்கள். களை ஒருவருடைய முகத்தில் இயல்பாக இருப்பது; ஆடினாலும் ஆடாவிட்டாலும் இருக்கும். விமர்சனத்தில் அதற்கு இடமில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியைப் பற்றி, “ஆடலும் பாடலும் அழகும் என்றிக் கூறிய மூன்றின் ஒன்று குறைபடாமல்” என்று வருகிறது. ஆடலை வேறாகவும் அழகை வேறாகவும் அங்கே எண்ணியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. விமர்சகர் எழுத வேண்டியது ஆடலின் அழகை. அதுவும் ஆடுபவர் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையாக இருக்கும் அரங்கேற்றத்தில், உருவத்தை வருணிக்கும் ஒரு சொல்கூட வேண்டாம்.

இதை இலக்கண அளவிலேயே காத்துக்கொள்ளலாம். அழகுச் சொல் எந்தப் பெயரோடு ஒட்டுகிறது என்று பாருங்கள். “அழகிய நடனமணி” என்றால் ஆளைச் சொல்கிறீர்கள். “அழகாக ஆடினார்” என்றால் செயலைச் சொல்கிறீர்கள், ஆனால் எங்கே என்று இல்லை. “அனுபல்லவியில் அவர் திரும்பிய விதம் ஒயிலானது” என்றால் இடமும் செயலும் அழகும் ஒன்றாக வந்துவிடுகின்றன. எழுதி முடித்ததும் ஒவ்வொரு அழகுச் சொல்லின் கீழும் கோடிட்டு, அது ஆளோடு ஒட்டியிருந்தால் செயலுக்கு நகர்த்துங்கள்.

முகத்தில் தோன்றும் பாவத்துக்கு நயம் என்ற சொல் மிகவும் உதவும். வர்ணத்தில் ஒரே அடியைப் பாடகர் நான்கைந்து முறை திருப்பிப் பாடுவார். முதல் முறை சொல்லுக்குச் சொல் கை காட்டுவது வழக்கம். அடுத்தடுத்த முறைகளில் சஞ்சாரி விரிய வேண்டும். தலைவனை அழைத்து வா என்ற அடியை ஒருமுறை கெஞ்சலாக, ஒருமுறை தோழியின் மேல் சந்தேகமாக, ஒருமுறை தன்மேலேயே கோபமாக விரித்தால் அங்கே நயம் இருக்கிறது. ஐந்து முறையும் அதே கை, அதே புருவம் என்றால் முகம் எவ்வளவு பொலிவாக இருந்தாலும் நயம் இல்லை. கம்பர் மிதிலையில் ஆடல் மகளிரைக் காட்டும்போது “கைவழி நயனம் செல்ல, கண்வழி மனமும் செல்ல” என்கிறார். அந்த வரிசையை வைத்தே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். கை போன இடத்துக்குக் கண் போனதா என்பது முதல் கேள்வி. கண் போன இடத்தில் ஏதாவது இருப்பதாக உங்களுக்குத் தோன்றியதா என்பது இரண்டாவது. முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்றால், பயிற்சி இருக்கிறது, பாவம் இன்னும் வரவில்லை என்று பொருள். அப்படியே எழுதலாம்.

வனப்பு என்ற சொல்லை உருப்படி முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் இடத்துக்கு விட்டுவையுங்கள். தொல்காப்பிய உரையாசிரியர்கள் செய்யுளின் வனப்பை, பல உறுப்பும் ஒன்றாகத் திரண்ட இடத்தில் பிறக்கும் அழகு என்று விளக்குகிறார்கள். ஆட்டத்துக்கும் அது அப்படியே பொருந்தும். அடவு, பாவம், பாட்டு, மிருதங்கம் எல்லாம் சேர்ந்த பிறகே வனப்பு. ஒரு விமர்சனத்தில் ஒருமுறைக்கு மேல் அது வரக் கூடாது. எதுவும் சேரவில்லை என்றால் ஒருமுறைகூட வேண்டாம்.

மிகையானால் என்ன பெயர்?

குறை சொல்லும் இடத்தில் “நளினம் போதாது” என்று மட்டும் எழுதுவோம். உண்மையில் பல நேரம் குறை எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அளவு மீறிப் போயிருக்கும். அதற்கும் தமிழில் சொல் உண்டு. நளினம் மிஞ்சினால் நெளிசல். ஒயில் மிஞ்சினால் குலுக்கல். மிடுக்கு மிஞ்சினால் விறைப்பு. குழைவு மிஞ்சினால் தொய்வு. வேகம் மிஞ்சினால் பதற்றம். இவை கொஞ்சம் சுடும் சொற்கள். வளர்ந்த கலைஞருக்கு எழுதலாம். அரங்கேற்ற மாணவிக்கு எழுதும்போது, “குழைவு சில இடங்களில் தொய்வை நெருங்கியது” என்று இடம் காட்டி மென்மையாகச் சொன்னால் போதும்.

தளுக்கு, மினுக்கு, கவர்ச்சி மூன்றும் வேண்டாம். முதல் இரண்டிலும் பழிப்பு இருக்கிறது. கவர்ச்சியைச் சினிமா எடுத்துக்கொண்டு நாளாகிவிட்டது. ஒய்யாரம் நல்ல சொல்தான், ஆனால் அதில் தன்னைக் காட்டிக்கொள்ளும் சாயல் உண்டு. செருக்குள்ள நாயகி ஜாவளி என்னும் காதல் பாடலில் வந்து நிற்கும் நிலைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். பக்திப் பாடலுக்கு எழுதினால் விரசம். சிங்காரம் அலங்காரத்தையும் சிருங்காரம் ரசத்தையும் சொல்வன என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் இவை அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் எழுதுபவர்களுக்கு

இங்கே வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைய. வர்ணம், பதம், ஜாவளியில் பாதிக்கு மேல் தெலுங்கு. அதனால் பாட்டின் சொல் அப்படியே தமிழ் விமர்சனத்துக்குள் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் “சொகசு” என்றால் அழகு, நேர்த்தி. தமிழில் “சொகுசு” என்றால் வசதியான வாழ்வு, சொகுசுப் பேருந்து. “நாயகியின் சொகுசைக் காட்டினார்” என்று எழுதினால் பொருள் எங்கோ போய்விடும். அதேபோல் தெலுங்கின் “அந்தம்” அழகு. இன்றைய தமிழ் வாசகருக்கு அந்தம் என்றால் முடிவு. பாட்டில் இந்தச் சொற்கள் வரும் அடிக்கு அபிநயம் பிடித்ததை எழுதும்போது, பாட்டின் பொருளைத் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு கையைப் பற்றி எழுதுங்கள்.

பாட்டு நேரடியாகப் பாடப்பட்டதா, ஒலிப்பதிவா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மாவட்ட ஊர்களில் பக்கவாத்தியம் முழுவதையும் அழைத்துவரச் செலவு அதிகம் என்பதால் பல நிகழ்ச்சிகள் ஒலிப்பதிவில்தான் நடக்கின்றன. நட்டுவாங்கம் நேரில் இருந்தால், ஆடுபவர் ஒரு நொடி தாமதித்தாலும் தாளம் தட்டுபவர் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். பாடகர் அடியை இன்னொருமுறை எடுப்பார். பதிவு யாருக்கும் காத்திருக்காது. பதிவுக்கு ஆடும்போது வரும் சிறு பதற்றத்தை லாவகக் குறைவு என்று எழுதுவது நியாயமில்லை. கோயில் மண்டபத்துக் கருங்கல் தரையும் அப்படித்தான். மரமேடையில் கேட்கும் தட்டின் ஓசை கல்லில் கேட்காது. காலும் வலிக்கும் என்பதால் ஆடுபவர் மிதியைச் சற்று மென்மையாக்குவார். மிதியில் அழுத்தம் இல்லை என்று எழுதும் முன் தரையைப் பாருங்கள்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

தருமபுரியில் ஒரு கோயில் மண்டபத்தில் சிவராத்திரி இரவு ஒரு மாணவி ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோழியைத் தலைவனிடம் தூதனுப்பும் பொருளில் ஆதி தாளப் பதவர்ணம். நேரடிப் பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம். நோட்டில் இருக்கும் குறிப்புகள் இவை:

திரிகால ஜதி: முதல் இரண்டு காலம் விசிறி முழுவதும் விரிந்தது. மூன்றாம் காலம் பாதி மூடியது.
ஜதி முடிவு: கடைசித் தட்டுக்குப் பிறகு உடனே முகம் மாறியது, மூச்சு தெரியவில்லை.
பல்லவி: தோழியை நோக்கி நடந்தது, தோள் சாய்ந்து மீண்டது.
பல்லவி, நான்காம் முறை: தோழியை அனுப்பிவிட்டுக் கையைப் பாதியில் இழுத்துக்கொண்டது, விரல்கள் கடைசியாக மடங்கின.
சரணம்: மூன்று முறையும் அதே கை.

இதை வைத்து அவசரத்தில் எழுதும் பத்தி இப்படி இருக்கும்: “வர்ணத்தை மிகவும் அழகாகவும், நளினமாகவும், நேர்த்தியாகவும் ஆடினார். அவருடைய எழில் தோற்றமும் மயில் போன்ற அசைவுகளும் பார்வையாளர்களைக் கட்டிப்போட்டன. அபிநயத்தில் பாவங்கள் அற்புதம்.”

ஐந்து குறிப்பில் ஒன்றுகூட இதில் இல்லை. நேர்த்தி என்று எழுதியாயிற்று, ஆனால் மூன்றாம் காலத்தில் அது குறைந்தது. எழில் தோற்றம் ஆளைச் சொல்கிறது. மயில் எல்லாருக்கும் வரும். அற்புதம் என்ற அபிநயத்தில் சரணத்தின் குறை மறைந்துவிட்டது. ‘ஆகவும்’ மூன்று முறை வந்ததால் மூன்று சொல்லும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன.

குறிப்புகளுக்குப் பக்கத்தில் இப்போது இடம் எழுதுவோம். முதலாவது நின்ற கோலம், அதற்குச் செம்மை. இரண்டாவது நகர்வு, லாவகம். மூன்றாவது நடை, ஆகவே ஒயில். நான்காவதில் விரல் கடைசியாக மடங்கியதால் நளினம். அனுப்பியவள் தயங்கியதைக் காட்டியதால் நயமும் உண்டு. ஐந்தாவது நயம் இல்லாத இடம். திருத்திய பத்தி:

“திரிகால ஜதியின் முதல் இரண்டு காலங்களிலும் அரைமண்டி செம்மையாக நின்றது, மூன்றாம் காலத்தில் சற்று ஏறியது. கடைசித் தட்டு ஓய்ந்த அடுத்த நொடியே நாயகியாக மாறிய லாவகம் இந்த வயதில் எளிதில் வராதது. தோழியை நோக்கி ஒயிலாக நடந்து வந்தவர், பல்லவியை நான்காம் முறை பாடியபோது அவளை அனுப்ப நீட்டிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார். விரல்கள் கடைசியாக மடங்கிய அந்த நளினத்தில், அனுப்பவும் மனமில்லை, அனுப்பாமல் இருக்கவும் முடியவில்லை என்ற தவிப்பு தெரிந்தது. சரணத்தில் இந்த நயம் தொடரவில்லை. அடி மூன்று முறை திரும்பியும் கை மாறவில்லை.”

வனப்பு இதில் வரவில்லை. சரணம் சேராதபோது அந்தச் சொல்லுக்கு இடமில்லை. எழிலும் வரவில்லை, ஜதி முடிவில் சிலைபோல் நின்ற கோலம் எதுவும் குறிப்பில் இல்லை. தெரிந்த சொல்லையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்ற ஆசை வரும்போது நோட்டைத் திரும்பப் பாருங்கள்.

அனுப்பும் முன்

நிகழ்ச்சி முழுவதற்குமான விமர்சனம் முந்நூற்றைம்பது, நானூறு சொல்லுக்குள் இருந்தால், அதில் அழகுச் சொற்கள் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். வர்ணத்துக்குப் பாதி இடம் கொடுங்கள். அலாரிப்புக்கு ஒரு வாக்கியம் போதும். பிறகு அழகுச் சொற்களையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு ஒருமுறை வாசியுங்கள். மீதியைப் படித்தே ஆட்டம் கண்ணில் தெரிந்தால் சொற்கள் சரியான இடத்தில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு நோட்டிலிருந்து வேறு குறிப்பை எடுங்கள்.

படத்தின் கீழ் எழுதும் வரிக்கும் இதே விதிதான். “எழில் கொஞ்சும் நடனம்” என்று எழுதுவதைவிட, எந்த உருப்படியில் எந்த இடம், அந்தக் கை எதைக் குறிக்கிறது என்று எழுதுங்கள். பத்திரிகையில் இடம் போதவில்லை, வெட்ட வேண்டும் என்று சொன்னால், முதலில் வரவேற்புரை ஆற்றியவர்கள், பொன்னாடை போர்த்தியவர்கள் வரும் வரிகளையும், அதன் பிறகு அலாரிப்பு வாக்கியத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். அரைமண்டி ஏறிய வரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.